ஓடை திரும்பி வர விடுமா?

தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தொட்டதும் சென்னை, கோவை, பெங்களூரு ஊர்களின் வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்துகளில் முதுகுப்பை சுமந்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவதைப் பார்க்கலாம். பலர் போவது கர்நாடகத்தின் சிக்கமகளூர், குடகு மலைப்பகுதிகளுக்கு. அங்கே அதிகம் பேர் தேடிப் போகும் மலைகளில் ஒன்று குதிரேமுக். உயரம் சுமார் 1,890 மீட்டர். களசா வட்டாரத்தில் முள்ளோடி என்ற சிற்றூரிலிருந்து நடை தொடங்குகிறது. போக வர ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வழியில் சோலைக்காடு, புல்வெளிச் சரிவு, மீண்டும் சோலை, இடையிடையே ஓடைகள். 1987-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு என்பதால் வனத்துறையின் முன் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம்.

முதல்முறை மழையில் மலை ஏறப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். அட்டை நிறைய இருக்குமா? எந்த ஷூ வாங்குவது? இரண்டும் கேட்க வேண்டியவையே. ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி வேறு. காலையில் கடந்த ஓடையை மாலையில் மறுபடி கடக்க வேண்டுமே, அப்போது அது எப்படி இருக்கும்?

வெயில்காலத்தில் மலையேற்றம் என்றால் உச்சிவரை போவதுதான் கஷ்டம், இறங்குவது எளிது. மழைக்காலத்தில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. ஏறும்போது களைப்பில்லை, பாதை இன்னும் மிதிபட்டுச் சேறாகவில்லை, ஓடையில் தண்ணீர் குறைவு. இறங்கும்போது கால் தளர்ந்திருக்கும், நூறு பேர் மிதித்த பாதை குழைந்து கிடக்கும், ஓடையிலோ நாள் முழுக்கப் பெய்த மழை ஓடிக்கொண்டிருக்கும். அட்டை, வழுக்கல், ஓடை மூன்றும் தனித்தனித் தொல்லைகள் போலத் தோன்றினாலும் ஒன்று மற்றொன்றுக்கு இட்டுச் செல்பவை. அட்டைக்குப் பயந்தவர் ஓய்வெடுக்க நிற்பதில்லை, அவசரமாக நடக்கிறார். அவசரத்தில் வழுக்குகிறது. ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் மொத்தக் குழுவுக்கும் இரண்டு மணி நேரம் போய்விடும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஓடை ஏறிவிடும். அதனால் சின்னத் தொல்லையான அட்டையிலிருந்தே தொடங்கலாம்.

அட்டையின் பசி

நம் மலைகளில் காலில் ஏறுவது நிலத்தில் வாழும் அட்டை. ஈரமான இலைச்சருகுதான் அதன் வீடு. வெயில்காலத்தில் மண்ணுக்குள்ளும் கல்லடியிலும் ஒடுங்கிக் கிடந்து, மழை விழுந்ததும் வெளியே வரும். பசியோடு இருக்கும்போது நூல்போல மெலிந்திருப்பதால் கண்ணில் படாது. உடலின் இரு முனையிலும் உறிஞ்சி உண்டு. பின்முனையால் சருகைப் பற்றிக்கொண்டு முன்முனையை நிமிர்த்தி, இப்படியும் அப்படியும் அசைத்துத் துழாவும். நம் காலடி அதிர்வு, உடல்சூடு, மூச்சுக்காற்று எல்லாம் அதற்குத் தெரியும். முன்னால் போகிறவர் எழுப்பிவிட்ட அட்டைகள் பின்னால் வருகிறவர் காலில் ஏறும் என்று வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான். சோலைக்குள்ளும் மாடுகள் போகும் ஒற்றையடிப் பாதைகளிலும் அட்டை அதிகம். காற்றடிக்கும் திறந்த புல்வெளியில் குறைவு. ஆகவே சோலைக்குள் நடந்துகொண்டே இருந்துவிட்டு, புல்வெளிப் பாறை மேல் வந்தபின் நின்று காலைப் பார்ப்பதே முறை.

அது கடிப்பது வலிக்காது. தோலைக் கீறி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு பொருளை உமிழ்நீரோடு செலுத்திவிட்டுக் குடிக்கத் தொடங்கும். தன் எடையைப்போலப் பல மடங்கு குடித்துப் பருத்துவிட்டால் தானே விழுந்துவிடும். அதற்கு 20 நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். விழுந்த பிறகும் ரத்தம் வடிந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் பலர் மிரண்டு போகிறார்கள். உமிழ்நீரின் வேலை முடியும்வரை, சில சமயம் சில மணி நேரம்கூட, அப்படிக் கசியும். போகும் ரத்தத்தின் அளவு சொற்பம். மழைத்தண்ணீரில் கலந்து சாக்ஸ் முழுக்கப் பரவுவதால் நிறையப் போனதுபோலத் தெரிகிறது.

அட்டையை எடுப்பதில்தான் தவறு நடக்கிறது. உப்பைக் கொட்டுவார்கள், தீக்குச்சியால் சுடுவார்கள், புகையிலைச் சாறு விடுவார்கள். அட்டை விழத்தான் செய்யும். ஆனால் விழும் முன் குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும், அதனால் புண் சீழ் பிடிக்க வாய்ப்புண்டு. வெடுக்கென்று பிடித்து இழுத்தால் கடிவாய் கிழியும். சரியான வழி எளிது. ஒல்லியான முனை எது என்று பாருங்கள், கடிக்கும் வாய் அங்கேதான். அந்த இடத்துத் தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறுகையின் நகத்தை வாய்க்கு அடியில் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும். பிறகு பருத்த முனையையும் அப்படியே தள்ளிச் சுண்டி எறியுங்கள். தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து ஒரு கட்டுப் போட்டால் போதும். அடுத்த சில நாள் அரிக்கும், சொறியக் கூடாது. மூக்கு, கண், வாய்ப் பகுதியில் ஏறிய அட்டையை நாமே நோண்டுவது சரியல்ல, மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன்பே தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஏறாமல் தடுக்க, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் முழங்கால்வரை தைத்த லீச் சாக்ஸ் நன்றாக உதவும். சாதாரண சாக்ஸின் கண்கள் வழியே மெலிந்த அட்டை நுழைந்துவிடும், இதில் நுழையாது. கால்சட்டையின் அடியை அதற்குள் விட்டு முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்ட வேண்டும். வெளிர் நிறமாக இருந்தால் ஏறும் அட்டை கண்ணுக்குத் தெரியும். மலைக்காரர்கள் புகையிலையோ மூக்குப்பொடியோ எண்ணெயில் குழைத்துக் காலில் தடவுவதுண்டு. மழையிலும் ஓடையிலும் அது கரைந்துவிடுவதால் திரும்பத் திரும்பத் தடவ வேண்டியிருக்கும். பாதையெங்கும் உப்பைத் தூவிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சருகில் அட்டை மட்டும் வாழவில்லை. ஈரத்தோல் கொண்ட தவளைகளுக்கும் உப்பு விஷம்தான். அதைச் செய்யவே கூடாது.

இதைச் சற்று நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அட்டை கடிப்பதால் மலையில் யாரும் சாவதில்லை. அட்டையை உதறுவதற்காக வழுக்குப் பாறையில் ஒற்றைக் காலில் நிற்கிறார்களே, அங்கேதான் விபத்து நடக்கிறது. கடித்தால் கடிக்கட்டும், அடுத்த நல்ல இடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று மனம் பழகிவிட்டால் நடையில் நிதானம் வந்துவிடும்.

எதை மிதிப்பது

ஈரப்பாதையில் எல்லா இடமும் ஒரே மாதிரி வழுக்குவதில்லை. மோசமானது ஈரமான மரம். பாதைக்குக் குறுக்கே ஓடும் வேர், விழுந்து பட்டை உரிந்த கட்டை, ஓடை மேல் போட்ட மரப்பாலம், இவற்றின் மேல் எந்த ஷூவும் நிற்காது. வேரை மிதிக்காமல் தாண்டி வையுங்கள். அதிலும் சரிவுப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் வேர் காலைப் பள்ளத்தை நோக்கியே தள்ளும். மரப்பாலம் ஒடுக்கமாக இருந்தால் இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தே நகர்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்தது பாறை. பாறையின் நிறத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தண்ணீர் தொடர்ந்து வழியும் தடத்தில் கறுப்பாகவோ பச்சையாகவோ பளபளப்பது பாசி. சொரசொரப்பாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும் பகுதி ஈரமாக இருந்தாலும் ஓரளவு பிடிக்கும். ஒரே பாறையில் இரண்டும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும். எங்கே மிதிப்பது என்பதைக் கால் தூக்கும் முன்பே கண் முடிவு செய்துவிட வேண்டும்.

இறங்கும்போது பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அப்படிச் சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போய், கால் முன்னால் வழுக்கி, முதுகடிபட விழுவோம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எடையைப் பாதத்துக்கு நேர்மேலே வைத்து, உள்ளங்கால் முழுதும் படும்படி குட்டை அடிகளாக வைத்து இறங்க வேண்டும். புல்வெளிச் சரிவில் ஈரப்புல் பாயை விரித்ததுபோல மெத்தென்று தெரிந்தாலும் அதன்மேல் சறுக்கத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். அங்கே நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி, பாதத்தின் ஓரத்தை மண்ணில் பதித்து இறங்குவது நல்லது. கையில் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு கம்பு இருக்கட்டும். மண்ணில் ஊன்றவும் ஓடையின் ஆழம் பார்க்கவும் உதவும்.

ஷூவைப் பொறுத்தவரை விலையைவிட அடிப்பாகம் முக்கியம். ஆழமான கட்டங்களாக வெட்டிய மென்மையான ரப்பர் அடி பிடிக்கும். தேய்ந்து வழவழப்பான ஓட்டப்பயிற்சி ஷூவும் கடினமான பிளாஸ்டிக் அடியும் பாறையில் காலை வாரிவிடும். நீர்புகா ஷூ என்று விற்பது முழங்காலளவு ஓடையில் இறங்கியதும் மேல்வழியாக நிரம்பிவிடும், பிறகு அந்தத் தண்ணீர் வெளியே போகவும் போகாது. தண்ணீர் புகுந்தாலும் சட்டென்று வடியும் ஷூவே இந்தக் காலத்துக்குப் பொருத்தம்.

ஒரு ஓடையின் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும் ஐந்து மீட்டர் அகல ஓடை ஒன்றைக் காலை எட்டு மணிக்குக் கடக்கிறீர்கள். ஆழம் 40 சென்டிமீட்டர், ஓட்டம் நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 1,000 லிட்டர் போகிறது. சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம்.

அந்த ஓடைக்குத் தண்ணீர் வரும் மலைச்சரிவு மொத்தம் 4 சதுர கிலோமீட்டர் என்போம். நண்பகலில் அந்தச் சரிவு முழுதும் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூலை மாதத்தில் இது அதிசயமல்ல. விழுந்த தண்ணீர் 20 கோடி லிட்டர். அதில் பாதியை மண்ணும் சருகும் பிடித்து வைத்துக்கொண்டாலும் மீதி 10 கோடி லிட்டர் ஓடைக்கு வந்தாக வேண்டும். இரண்டு மணி நேரத்தில் அது வடிவதாகக் கொண்டால் நொடிக்கு ஏறக்குறைய 14,000 லிட்டர். காலையில் பார்த்ததுபோலப் பதினான்கு மடங்கு. இவ்வளவு தண்ணீரும் அதே ஐந்து மீட்டர் அகலத்துக்குள் போக வேண்டுமானால் ஆழமும் கூடும், வேகமும் கூடும். வேகம் இரு மடங்கானால் காலில் மோதும் விசை நான்கு மடங்காகும். கூடவே, ஆழம் ஏற ஏறத் தண்ணீர் நம்மைத் தூக்குவதால் பாதத்தின் பிடியும் குறையும்.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மழை நீங்கள் நிற்கும் இடத்தில் பெய்ய வேண்டியதில்லை. இங்கே தூறலோ வெயிலோ இருக்கலாம், மேலே முகட்டுக்குப் பின்னால் கொட்டினால் போதும். இன்னொன்று, பருவமழையின் தொடக்கத்தில் காய்ந்த மண் நிறையக் குடிக்கும். ஜூலை, ஆகஸ்ட் ஆகும்போது மண் ஊறி நிறைந்துவிடுவதால் விழுந்த மழையில் பெரும்பகுதி உடனே ஓடைக்கு வந்துவிடும். ஜூனில் தைரியமாகப் போய்வந்த அதே பாதையை அந்த அனுபவத்தை வைத்து ஆகஸ்டில் எடைபோடக் கூடாது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சதுரகிரி மலைக்குத் தாணிப்பாறையிலிருந்து ஏறுகிறவர்கள் மாங்கனி ஓடையையும் சங்கிலிப்பாறைப் பகுதியையும் அறிவார்கள். வறண்ட நாட்களில் பாறை மேல் நடந்து தாண்டும் இடங்கள் அவை. 2015-ஆம் ஆண்டு மே மாதம், வைகாசி அமாவாசையை ஒட்டிச் சென்ற பக்தர்கள் பலர் அந்த மலையின் காட்டாற்று வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். மழை எச்சரிக்கை வந்தாலே வனத்துறை சதுரகிரிக்குச் செல்லத் தடை போடுவது அதனால்தான். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. இரண்டும் பருவமழைக்கு முந்தைய கோடை மழையில் நடந்தவை.

தண்ணீர் வரும் முன் ஓடை சில அறிகுறிகளைக் காட்டும். தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறும். இலையும் சுள்ளியும் நுரையும் மிதந்து வரும். சலசலப்பு அடங்கிக் கனத்த இரைச்சலாகும். உள்ளே கற்கள் உருண்டு முட்டும் மந்தமான ஒலி கேட்டால் தரை நகர்கிறது என்று பொருள், அதில் எவர் காலும் நிற்காது. இவற்றில் எது தெரிந்தாலும் ஓடைக்குள் நிற்பவர் அருகிலிருக்கும் கரைக்கு ஏறிவிட வேண்டும். பையை எடுத்துக்கொள்ளலாம், ஒரு படம் பிடித்துவிடலாம் என்று நிற்பதற்கு நேரம் இருக்காது.

கடக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கச் சில சோதனைகள் உண்டு. ஒரு குச்சியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு கரையோரமாக அதோடு நடந்து பாருங்கள். சாதாரண நடைக்கு எட்டாத வேகத்தில் குச்சி போனால் இறங்க வேண்டாம். கம்பை விட்டு ஆழம் பாருங்கள். ஓடும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் என்றால் இறங்க வேண்டாம். அடி தெரியாத கலங்கல் தண்ணீராக இருந்தாலும் அப்படியே. கடைசியாகக் கீழே பாருங்கள். தவறி விழுந்தால் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? கீழே மணல்திட்டும் ஆழமில்லாத தேங்கலும் இருந்தால் சரி. அருவியோ பாறை இடுக்கோ தண்ணீருக்குள் கிளைகளோடு கிடக்கும் மரமோ இருந்தால், முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீரானாலும் அந்த இடம் ஆகாது. கிளைகளுக்கிடையே தண்ணீர் போய்விடும், மனிதர் மாட்டிக்கொள்வார்.

கடக்கும் இடம் தேடும்போது குறுகலான இடம்தான் கண்ணை இழுக்கும். தண்ணீர் அங்கேதான் ஆழமும் வேகமுமாக இருக்கும். அகலமாகப் பரந்து கூழாங்கல் மேல் ஓடும் இடமே பாதுகாப்பு. ஷூவைக் கழற்றாதீர்கள், வெறுங்காலில் கல் குத்தியதும் தடுமாறுவோம். பையின் நெஞ்சு வாரைக் கழற்றி, இடுப்பு வாரைத் தளர்த்தி, தேவைப்பட்டால் உடனே உதறிவிடும்படி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகருங்கள். கம்பும் இரு காலும் ஆக மூன்றில் ஒன்றை மட்டுமே ஒரு நேரத்தில் எடுக்க வேண்டும். நான்கைந்து பேர் இருந்தால் தோளோடு தோள் ஒட்டி, கைகளைப் பின்னி, வலுவானவர் தண்ணீர் வரும் பக்கத்து முனையில் நிற்க, ஒரே வரிசையாக எதிர்க்கரையை நோக்கி நடக்கலாம். முதலாமவர் தண்ணீரின் வேகத்தை உடைத்துவிடுவதால் மற்றவர்களுக்குச் சுமை குறையும்.

கயிற்றை இடுப்பில் கட்டி ஒருவரை இறக்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. விழுந்தவரைக் கயிறு இழுத்துப் பிடிக்கும்போது ஓட்டத்தின் விசை அவரைத் தண்ணீருக்கு அடியில் அழுத்திவிடும். யாராவது அடித்துச் செல்லப்பட்டால் எழுந்து நிற்க முயலக் கூடாது, பாதம் கல்லிடுக்கில் சிக்கினால் தலை மூழ்கிவிடும். மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டி, கைகளால் துழாவிக் கரைப்பக்கம் ஒதுங்கி, ஆழம் குறைந்த பிறகே எழ வேண்டும்.

திரும்பும் நேரத்தைக் காலையிலேயே குறித்தல்

குதிரேமுக் பயணத்தையே எடுத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜூலையில் சூரியன் மறைய ஏழு மணி ஆனாலும் மேகமும் மூடுபனியும் சேர்ந்து சோலைக்குள் ஆறு மணிக்கே இருட்டிவிடும். ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக ஒதுக்கினால் ஐந்து மணிக்கு முள்ளோடியில் இருக்க வேண்டும். வழுக்கும் பாதையில் உச்சியிலிருந்து இறங்க நாலரை மணி நேரம் வையுங்கள். அப்படியானால் எங்கே நின்றாலும் பகல் பன்னிரண்டரைக்குத் திரும்பிவிட வேண்டும். ஏற ஐந்து மணி நேரம் என்றால் ஏழரைக்குப் பிறகு கிளம்பும் குழு உச்சியைப் பார்க்காது. ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டு வேகமாக நடந்து சரிக்கட்டலாம் என்று நினைப்பவர்கள்தான் இறங்கும்போது ஓடுகிறார்கள்.

கிளம்பும் முன் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 115.6 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அது மிகக் கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதிகனமழை. அந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் போகாமலிருப்பதே என் கருத்து. மஞ்சள் எச்சரிக்கை நாளில் போகலாம், ஆனால் எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் சொல்லப்படுவது என்பதால், உங்கள் ஓடையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதை ஓடையிடம்தான் கேட்க வேண்டும். முதல் ஓடையைக் கடந்ததும் மறுகரையில் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்துவிட்டு அங்கேயே கால் மணி நேரம் சிற்றுண்டி சாப்பிடுங்கள். கிளம்பும்போது கல் நனையாமல் இருந்தால் மேலே போகலாம். கல் மூழ்கியிருந்தால் ஓடை ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் கடக்க முடிகிற அப்போதே பழைய கரைக்கு வந்துவிட வேண்டும். அந்த இடத்துப் பெரிய பாறை ஒன்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் தொடுகிறது என்று செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் மாலையில் ஒப்பிட வசதி. மலைமேல் பலத்த மழை பிடித்தால், அரை மணி நேரம் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் இறங்கத் தொடங்குவதே சரி. மழை விழுந்து ஓடை பெருகுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும், நம் கையில் இருப்பது அந்த இடைவெளி மட்டும்தான்.

தண்ணீரைத் தவிர இன்னொரு காரணத்துக்காகவும் திரும்ப வேண்டியிருக்கும், அது குளிர். நனைந்த உடம்போடு முகட்டுப் புல்வெளியில் காற்றில் நின்றால் உடல்சூடு வேகமாக இறங்கும். பனி விழாத நம் மலையில் குளிரால் என்ன ஆகிவிடும் என்பது தப்பான எண்ணம். நிற்காத நடுக்கம், பட்டனைப் போட முடியாத விரல், குழறும் பேச்சு, தட்டித் தடுமாறும் நடை இவற்றை நண்பரிடம் கண்டால் பயணம் அங்கேயே முடிந்தது. ஈரத்துணியைக் கழற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் காப்பாற்றி வைத்த உலர்ந்த துணியை உடுத்தி, தலையை மூடி, இனிப்பான எதையாவது சாப்பிடக் கொடுத்து, காற்றில்லாத பக்கமாக இறக்கிவிட வேண்டும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயவே காயாது, மழைக்கால மலைக்கு அவை ஆகாது.

எல்லாம் சரியாகச் செய்தும் மாலையில் ஓடை நிரம்பி மறித்துவிட்டால்? காத்திருங்கள். மலையோடைகளின் நீர்ப்பிடிப்பு சிறியது, ஆகவே ஏறிய வேகத்தைப் போலவே மழை விட்ட சில மணி நேரத்தில் இறங்கவும் செய்யும். கரையிலிருந்து விலகி மேட்டில் ஏறி, ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்து, காலையில் அடையாளம் வைத்த பாறையை அவ்வப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். உதவி கேட்க ஒருவரை மட்டும் அக்கரைக்கு அனுப்பும் யோசனை யாருக்காவது வரும், அதை அனுமதிக்காதீர்கள். பையில் ஆளுக்கொரு டார்ச், உலர்ந்த மேலாடை, ஒரு வேளை உணவு, ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் மழையில் ஓர் இரவு துன்பமாக இருக்குமே தவிர உயிருக்கு ஆபத்தாக இருக்காது.

உள்ளூர் வழிகாட்டிக்கு இந்த ஓடைகள் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். மேலே போக வேண்டாம் என்று அவர் மனதில் படும்போதும் வாய்திறந்து சொல்லத் தயங்குகிறார். தொலைவிலிருந்து காசு செலவழித்து வந்தவர்கள் கோபிப்பார்கள், கூலியைக் குறைப்பார்கள் என்ற பயம் அவருக்கு. ஆகவே நடக்கத் தொடங்கும் முன்பே, "அண்ணே, உச்சிக்குப் போனாலும் பாதியில் திரும்பினாலும் உங்க கூலி முழுசாத் தந்துடுவோம். திரும்பணும்னு தோணினா உடனே சொல்லிடுங்க" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னபடி கொடுத்தும் விடுங்கள்.